ஆடை ஆடையாக ரப்ரி: அடுப்படியில் ஒன்றரை மணி நேரம்

ரப்ரிக்கும் பாசந்திக்கும் சாமான் ஒன்றுதான். பால், சர்க்கரை, ஏலக்காய். வித்தியாசம் கரண்டி பிடிக்கிற கையில் இருக்கிறது. மராட்டியத்திலும் குஜராத்திலும் பூரியோடு பரிமாறும் பாசந்திக்குப் பாலை அடிக்கடி கிளறி, பாதியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ வற்றவிடுகிறார்கள். மேலே படியும் ஆடை அவ்வப்போது பாலுக்குள்ளேயே கரைந்துவிடும். கரண்டியில் எடுத்து ஊற்றுகிற பதம் அது. காசி, மதுரா பக்கத்து லச்சா ரப்ரியில் ஆடையைக் கரைய விடமாட்டார்கள். படியப் படிய ஒதுக்கிக் கடாயின் ஓரத்தில் ஒட்டிவைத்து, பால் நன்றாகச் சுண்டிய பிறகு அத்தனை ஆடையையும் சுரண்டி அதற்குள் சேர்ப்பார்கள். சென்னை சௌகார்பேட்டையில் பாசந்தி என்று கேட்டாலும், பெரும்பாலும் ஆடை மிதக்கும் கெட்டிப் பால்தான் கிண்ணத்தில் வரும். அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம்.

இந்தக் கட்டுரை ஆடை சேர்க்கும் ரப்ரியைப் பற்றியது. அது கைவந்துவிட்டால் பாசந்திக்குத் தனிப் பாடம் தேவையில்லை.

முதலில் இதிலுள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஆடை படிய வேண்டுமானால் பாலைத் தொடாமல் விட வேண்டும். தொடாமல் விட்டால் அடி பிடிக்கும். அடி பிடிக்காமல் இருக்கக் கிளறினால் ஆடை கிழிந்து பாலோடு கலந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் “மிதமான தீயில் வைத்து ஆடையை ஒதுக்கவும்” என்று ஒரு வரியில் கடந்துபோவது இந்த இடத்தைத்தான். ரப்ரியில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதுவே.

ஆடை எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருந்தால் மீதியெல்லாம் எளிது. சூடான பாலின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் புரதம் அடர்த்தியாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மேலே மிதந்து வரும் கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆக ஆடைக்குத் தேவை மூன்று: பால் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், மேற்பரப்பு அகலமாக இருக்க வேண்டும், மேலே காற்று பட வேண்டும். தளதளவென்று கொதித்தால் குமிழ்கள் வந்து வந்து ஆடையைக் கிழித்துவிடும். வட இந்தியாவில் ஹல்வாய்கள் எனப்படும் மிட்டாய்க்காரர்கள் கடாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் வீசுவது புகையை விரட்ட அல்ல, ஆடை சீக்கிரம் படியத்தான். மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ‘ரப்ரி கிராமம்’ என்றே பெயர் வாங்கிய ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு ரப்ரி காய்ச்சிக் கொல்கத்தா கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்களுடைய கருவிகளும் ஒரு விசிறியும் மெல்லிய மூங்கில் குச்சியும்தான்.

பாலும் பாத்திரமும்

ஒன்றரை லிட்டர் பாலை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். நாலைந்து பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்கப் போதும்.

கொழுப்பு நிறைந்த பால் வேண்டும். எருமைப்பால் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிடைக்காதவர்கள் பாக்கெட் பாலில் 6 சதவீதம் கொழுப்பு உள்ளதை வாங்குங்கள். ஆவினில் அது ஆரஞ்சு நிறப் பாக்கெட். நீல நிறப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான். அதிலும் ஆடை வரும், ஆனால் மெல்லிசாக, ரப்பர் போல இழுபடும். பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று போட்டிருந்தால் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துப் பால் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கொழுப்பு மேலே மிதந்து வராது, ஆடையின் கனமும் குறையும். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் புதிதாக இருப்பது அவசியம். ஒன்றரை மணி நேரம் சுண்டும்போது பாலிலுள்ள புளிப்பும் சேர்ந்து அடர்த்தியாகும். சாதாரணமாகக் காய்ச்சும்போது திரியாத பால்கூடப் பாதி வற்றியதும் திரிந்துபோகலாம். நேற்றுப் பாக்கெட் என்றால் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் அடி கனமாகவும் வாய் அகலமாகவும் இருக்க வேண்டும். வாய் சுமார் ஓர் அடி அகலமுள்ள இருப்புச் சட்டியோ கனமான அலுமினிய வாணலியோ சரியாக இருக்கும். ஓரம் சரிவாக இருப்பது முக்கியம், ஏனென்றால் ஆடையை ஒட்டப்போகும் இடம் அதுதான். நேராக நிற்கும் சுவருள்ள பாத்திரத்தில் ஆடை வழுக்கிப் பாலில் விழுந்துவிடும். கையில் இரண்டு கருவி வேண்டும். ஒன்று, ஆடையை ஒதுக்க ஒரு மெல்லிய மரக் கரண்டி அல்லது வழவழப்பான குச்சி. இன்னொன்று, அடியைத் தேய்க்க நுனி தட்டையான தோசைத் திருப்பி.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. வாணலியில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, மரக் கரண்டியை நடுவில் நேராக நிறுத்தி, தண்ணீர் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே அடையாளம். “கால் பாகமாகச் சுண்டும் வரை” என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சரிந்த வாணலியில் கண் ஏமாற்றும். ஆழம் பாதியாகக் குறைந்தாலே அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகத்துக்கு வந்திருக்கும். இன்னும் பாதி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு கெட்டித் திரட்டுப்பாலில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் பலர்.

ஆடை எடுக்கும் சுற்று

வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுச் சுழற்றி, அதன்மேல் பாலை ஊற்றுங்கள். ஆரம்பத்தில் பால் நேரடியாக அடியில் ஒட்டாமல் இருக்க இது கொஞ்சம் உதவும். நடுத்தரத் தீயில், அடி தொட்டுக் கிளறிக்கொண்டே ஒரு கொதி வரவிடுங்கள். இந்தக் கட்டத்தில் ஆடையைப் பற்றிக் கவலை வேண்டாம். பொங்கி வந்ததும் தீயைக் குறையுங்கள்.

இப்போது வாணலியைத் தீயின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பாதி மட்டும் தீயின்மேல் இருக்கும்படி வையுங்கள். வாணலி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீ படும் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். மறுபக்கம் அசையாமல் கிடக்கும். அந்த அசையாத பக்கத்தில்தான் ஆடை படியும். இரண்டு மூன்று நிமிடத்தில் மேற்பரப்பு பளபளப்பை இழந்து மங்கும், அப்புறம் லேசாகச் சுருக்கம் விழும். அதுதான் எடுக்கும் நேரம். மங்கலாக மட்டும் இருக்கும்போது தொட்டால் ஆடை கிழிந்து கரைந்துவிடும். விசிறி இருந்தால் பாலின் மேல் நாலு முறை வீசுங்கள், சுருக்கம் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்விசிறியைப் போட்டுவிடாதீர்கள், தீ ஒருபக்கமாகச் சாயும்.

சுருக்கம் விழுந்ததும் மரக் கரண்டியை ஆடையின் அந்தப் பக்க விளிம்பில் வைத்து, மெதுவாக உங்களை நோக்கி இழுத்து, பால் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே வாணலியின் சரிவில் ஒட்டுங்கள். முதல் இரண்டு மூன்று ஆடை மெலிந்திருக்கும், ஒழுங்காக வராது. பரவாயில்லை. பால் அடர அடர ஆடையும் கனக்கும்.

ஆடையை ஒட்டிய அந்தக் கணத்தில்தான் அடியைத் தேய்க்க வேண்டும். மேலே இப்போது ஆடை இல்லை, அதனால் கிளறினாலும் எதுவும் கெடாது. தோசைத் திருப்பியால் அடி முழுவதும், குறிப்பாகத் தீ படும் பக்கம், ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த சுருக்கம் விழும் வரை தொடக் கூடாது. இழு, ஒட்டு, தேய், விடு. ஆரம்பத்தில் சொன்ன சிக்கலுக்கு விடை இவ்வளவுதான். கிளறுவதும் கிளறாமல் விடுவதும் மாறி மாறி வருகிறது, ஒரே நேரத்தில் வருவதில்லை.

நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை வாணலியைத் திருப்பி வையுங்கள், ஒரே இடம் தொடர்ந்து சூடு வாங்க வேண்டாம். ஒட்டிய ஆடையின் மேல் அவ்வப்போது ஒரு கரண்டிப் பாலைத் தெளியுங்கள். இதை விட்டுவிட்டால் ஆடை காய்ந்து, ஓரம் பழுப்பாகி, கடைசியில் சுரண்டும்போது அப்பளத் துண்டு மாதிரி உதிரும். அப்படிக் காய்ந்தது பாலில் ஊறினாலும் பழைய மென்மைக்குத் திரும்பாது. ஆடையிலிருந்து நெய் கசிகிறதா, அப்படியானால் ஓரம் அதிகமாகச் சுடுகிறது. தீ நாக்கு வாணலியின் அடியைத் தாண்டிச் சுவரில் ஏறாமல் குறைத்துவிடுங்கள்.

முதல் முக்கால் மணி நேரம் ஓரளவு சௌகரியமாகப் போகும். வேறு வேலையைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பால் பாதிக்குக் கீழே வந்த பிறகு அப்படி இருக்க முடியாது. அடர்ந்த பால் வேகமாக அடி பிடிக்கும். தீயை இன்னும் குறைத்து, ஆடை கொஞ்சம் மெலிந்திருந்தாலும் சீக்கிரமே எடுத்து, அடியை அடிக்கடி தேய்க்க வேண்டியிருக்கும். அடியில் கரகரப்பு தட்டுகிறதா, பாலில் பழுப்புத் துணுக்கு மிதக்கிறதா, லேசாகத் தீய்ந்த வாசனை வருகிறதா? எது வந்தாலும் மேலும் சுரண்டாதீர்கள். தீயை அணைத்து, பாலை மட்டும் வேறொரு கனமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஓரத்து ஆடையைத் தனியாக ஒரு தட்டில் எடுத்துவையுங்கள். அடியில் ஒட்டியது அங்கேயே இருக்கட்டும். உடனே மாற்றினால் பெரும்பாலும் வாசனை பாலில் ஏறாது. சுரண்டிக் கலக்கிவிட்டால் ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் மறைக்காது.

சர்க்கரை எப்போது

பால் பென்சில் கோட்டுக்கு வந்ததும்தான் சர்க்கரை. அதற்கு முன்னால் போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு.

சர்க்கரை கரைந்தால் திரவத்தின் அளவு கூடும். 90 கிராம் சர்க்கரை கரையும்போது ஐம்பது மில்லிக்கும் மேல் திரவம் கூடிவிடுகிறது. கெட்டியாக இருந்த பால் சர்க்கரை போட்டதும் திடீரென்று நீர்த்துப்போவதைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவது இதனால்தான். ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் அந்தப் பாகு கலந்த பாலை ஒன்றரை மணி நேரம் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அடி பிடிப்பது கூடும், நிறம் பழுப்பேறும், பதம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் கணிக்கவும் முடியாது. லேசான கருகல் சாயலுள்ள இனிப்பு பிடித்தவர்கள் பாசந்திக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் முன்னதாகவே போடுவது உண்டு, அங்கே ஓயாமல் கிளறுவதால் சமாளித்துவிடலாம். வெள்ளையும் மென்மஞ்சளுமாக இருக்க வேண்டிய லச்சா ரப்ரிக்கு அது சரிப்படாது.

அளவு, பாலின் எடையில் 6 சதவீதம். ஒன்றரை லிட்டருக்கு 90 கிராம், அதாவது மட்டமாக ஏழு மேசைக்கரண்டி. குறைவாகத் தெரியலாம். ஆனால் பாலிலேயே உள்ள இனிப்பு சுண்டும்போது நாலைந்து மடங்கு அடர்ந்திருக்கும். கடைகளில் திகட்டத் திகட்டக் கிடைக்கும் ரப்ரி பலவற்றில் பாலைக் குறைத்துச் சர்க்கரையால் நிரப்பியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். முதலில் ஆறு மேசைக்கரண்டி போட்டுக் கலந்து ருசி பாருங்கள். சூடாக இருக்கும்போது நாக்குக்கு ஒரு பொட்டு அதிகமாகத் தெரிய வேண்டும், குளிர்ந்ததும் இனிப்பு மட்டுப்படும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம். அவற்றிலுள்ள புளிப்பில் இவ்வளவு அடர்ந்த சூடான பால் திரிந்துவிட வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை போட்டதும் ஆடை எடுக்கும் வேலை முடிந்தது. வாணலியைத் தீயின் நடுவுக்குக் கொண்டுவந்து, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் அடி தொட்டுக் கிளறுங்கள். நீர்த்த பால் மறுபடி கூடி வரும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும், ஆனால் கரண்டியைச் சாய்த்தால் பால் தாராளமாக வழியும். அங்கே அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட வேண்டாம். ஆறும்போது அது தானாகவே கெட்டியாகும், ஆடையும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும்.

அணைத்த பிறகுதான் ஓரத்து ஆடையைச் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு கரண்டிச் சூடான பாலை ஆடையின் மேல் ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு தோசைத் திருப்பியால் கீழிருந்து மேலாகப் பெயர்த்தால் பட்டை பட்டையாக வரும். ஓரத்தில் பழுப்பேறிக் காய்ந்த விளிம்பு இருந்தால் அதை மட்டும் கிள்ளி எறியுங்கள். விரல் அகலத் துண்டுகளாக்கிப் பாலுக்குள் தள்ளி, புரட்டிவிடுங்கள். இதற்கு மேல் கிளறக் கூடாது. ஆடையைச் சர்க்கரைக்கு முன்பே பாலில் தள்ளி வேகவைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த ஐந்து நிமிடக் கிளறலிலேயே பாதி ஆடை நைந்துவிடும். ஒவ்வொன்றாக ஒதுக்கிய பாடு வீண்.

எல்லாம் சேர்த்து அரைக் கிலோ அளவில் இருக்கும். அதற்கு ரொம்பக் குறைவாக வந்தால் அதிகம் சுண்டிவிட்டது என்று பொருள். காய்ச்சிய சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு இளக்கிக்கொள்ளலாம். தண்ணீர் விட்டால் ருசி வெளுத்துப்போகும். நேர்மாறாக நீர்த்திருந்து, ஆடையையும் கலந்தாகிவிட்டது என்றால் மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். அரித்தட்டில் வடித்து ஆடையைத் தனியாக எடுத்துவிட்டு, பாலை மட்டும் சுண்டவைத்து மறுபடி சேருங்கள்.

ஏலக்காய்

நாலு ஏலக்காய் போதும். பச்சையாக, உடைத்தால் உள்ளே கறுத்த விதைகள் பிசுபிசுவென்று ஒட்டியிருக்க வேண்டும். வெளுத்து, விதை உதிர்ந்து கிடப்பது மணமிழந்த பழைய சரக்கு. விதையை மட்டும் எடுத்து, அளவில் குறைத்து வைத்த சர்க்கரையில் ஒரு சிட்டிகை சேர்த்து இடிகல்லில் இடியுங்கள். சர்க்கரையின் உராய்வில் விதை நன்றாகப் பொடியும். கொஞ்சம் கொரகொரப்பாகவே இருக்கட்டும். டப்பாவில் வாங்கிய பொடியில் தோலும் சேர்ந்திருக்கும், பாலில் தூசி போல மிதக்கும்.

அந்தப் பொடியை ஆடை கலந்து, சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் தூவ வேண்டும். ஏலக்காயின் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே போட்டால் சமையலறை மணக்கும், கிண்ணத்தில் காட்டமும் கசப்பும்தான் மிஞ்சும். விதை எடுத்த தோல் இரண்டைப் பாதி வற்றிய பாலில் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவது நல்ல பழக்கம், அடியில் ஒரு மெல்லிய மணம் நிற்கும். அதை மறந்து விட்டுவிட்டால் ஆடைக்குள் சுருண்டு மாட்டிக்கொண்டு, சாப்பிடுகிறவர் பல்லில் அகப்படும். குங்குமப்பூ போடுவதானால் ஏலக்காயை இரண்டாகக் குறையுங்கள். பாதாம், பிஸ்தா எல்லாம் பரிமாறும்போது மேலே தூவினால் போதும், உள்ளே கலந்தால் எது ஆடை, எது பருப்பு என்று தெரியாது.

ரப்ரிக்குள் சோள மாவு, பிரெட் தூள் கலந்து கெட்டியாக்கும் குறுக்கு வழிகள் ஊரறிந்தவை. அதைவிட மோசமானதும் ஒன்று உண்டு. உணவுக் கலப்படச் சோதனைப் பட்டியல்களில் ரப்ரிக்கு நேராக மையொற்றுத் தாள் என்றே எழுதியிருப்பார்கள், ஊறிய தாள் நார் பார்வைக்கு ஆடை போலவே இருப்பதால். வீட்டில் எடுத்த நிஜ ஆடையை ஒருமுறை மென்று பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் வாயிலேயே தெரிந்துவிடும்.

பாசந்தியாகவே வேண்டும் என்கிறவர்கள் இதே பாலை, வாணலியை ஒதுக்காமல், ஓரத்தில் படிவதைப் பாலுக்குள் தள்ளிக் கிளறிக்கொண்டே 650 மில்லி அளவுக்கு வற்றவிட்டு, அதே 90 கிராம் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்தால் முடிந்தது. முக்கால் மணி நேரம் மிச்சம்.

ரப்ரி ஆறியதும் மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது நாலு மணி நேரம் வையுங்கள். சூடாக இருக்கும்போதே மூடினால் மூடியில் வியர்த்த நீர் சொட்டி மேலே நீர்க்கும். மறுநாள்தான் ருசி கூடிவரும், இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். அதிகம் சுண்டியதாக இருந்தால் குளிரில் பாலின் சர்க்கரை படிகமாகி நாக்கில் மணல் மாதிரி நெருடும், கொஞ்சம் சூடான பால் விட்டு இளக்கினால் ஓரளவு சரியாகும். காசியில் சூடான ஜிலேபியின் மேல் இதைக் குளிர்ச்சியாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். அப்படிச் சாப்பிடுவதாக இருந்தால் சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.